ஆறாத ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

பிரேமலா சமைத்த கோழிக்குழம்பு இரண்டு வருடம் நான்கு மாதமாகச் சூடு ஆறாமல் இருக்கிறது. ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில், அவள் வீட்டு அடுப்பு மேடையில் நாலடுக்குத் தூக்கு ஒன்று நிற்கும். கீழ் அடுக்கில் சோறு, அதற்கு மேல் குழம்பு, அப்புறம் கத்தரிக்காய்ப் பிரட்டல், உச்சியில் சேமியாப் பாயசம். வெந்நீரே வாளியில் ஊற்றிக் குளிப்பதற்குள் ஆறிப்போகிற மலை இது. ஆனாலும் அந்தத் தூக்கின் மூடியைத் திறந்தால் இன்றைக்கும் ஆவி பறக்கும். லயத்துக்காரர்களுக்கு இதில் இப்போது ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முட்டைக்கோஸ் விலை ஏறியதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

விஷயம் ஒரு தொலைந்த கைப்பேசியில் தொடங்கியது. பிரேமலாவின் கணவன் சுகுமாரனுக்கு இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. தோட்டத்து ட்ராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தவன், வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையிலேயே மூச்சு வாங்கி உட்கார ஆரம்பித்தான். மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைக்குப் பெயர் கொடுத்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. இடம் காலியானால் பிரேமலாவின் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் தேயிலை வெட்டும்போதும் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தாள். அப்படிக் காத்த போனை ஒரு வியாழக்கிழமை, சுகுமாரனுக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில், தானா ராத்தா பஸ் நிலைய பெஞ்சில் விட்டுவிட்டு வந்தாள்.

ரிங்லெட்டில் இறங்கிய பிறகுதான் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வடிவம்மாள் தன் போனிலிருந்து பதினேழு முறை அடித்தாள். மணி அடித்தது, எடுக்க ஆள் இல்லை. போனைக் கண்டெடுத்திருந்தவன் ஒரு நேப்பாளத்துக்காரன், கம்போங் ராஜா பக்கம் காய்கறித் தோட்டத்தில் வேலை. அடுத்தவர் போனோடு பிடிபட்டால் வெளிநாட்டுக்காரனைத் திருடன் என்பார்களே என்ற பயத்தில் அன்றைக்கு அழைப்பை எடுக்கவில்லை. பூட்டிய போனிலிருந்து அவனால் யாரையும் கூப்பிடவும் முடியாது, வருகிற அழைப்பை எடுக்க மட்டுமே முடியும். காலையில் பேட்டரி நாலு சதவீதத்துக்கு வந்ததும் கூட்டாளியிடம் சார்ஜர் இரவல் வாங்கிப் போட்டான். பத்து மணிக்கு ஆஸ்பத்திரி என்ற பெயரோடு திரை மினுங்கியதைப் பார்த்தான். இதற்கு மேல் பயந்தால் பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், எடுத்தான். ஒரு நோயாளிக்குக் காய்ச்சல், இடம் காலி, புதன்கிழமை காலை எட்டு மணிக்குள் வந்து சேர வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் இளஞ்சிவப்பு மாத்திரையை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். தான் வீட்டு ஆள் இல்லை என்றும், இன்றைக்குள் சொல்லிவிடுவேன் என்றும் அவன் அவளுக்கு வாக்குக் கொடுத்தான். முட்டைக்கோஸ் பெட்டியின் அட்டையைக் கிழித்து, எல்லாவற்றையும் எழுதினான். மாத்திரைக்கு ஒரு வட்டம் போட்டு அதன் மேல் பெருக்கல் குறி வைத்தான். மதியம் வடிவம்மாள் பதினெட்டாவது முறை அடித்தபோது எடுத்து, “காக்கா, போன் என்கிட்ட இருக்கு. சாயந்திரம் பஸ் ஸ்டேஷன் வாங்க” என்று மலாயில், அக்கா என்பதற்குக் காக்கா போட்டுச் சொன்னான்.

ஐந்து மணிக்குக் காய்கறி லோரியிலிருந்து குதித்தான். பச்சை மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், இடது கைச் சுண்டுவிரலில் நுனி இல்லை. போனை உடனே கொடுத்துவிடவில்லை, திறந்து காட்டச் சொன்னான். அதுவும் நியாயம்தான். பிரேமலாவின் விரலைப் போன் ஏற்கவில்லை, தேயிலைக் கறையும் வெட்டுக்கத்தரிப் பிடியின் தழும்பும் ஏறிய விரலில் ரேகை ஏது? ஆறு இலக்க எண்ணை அடித்துத் திறந்தாள். முகப்பில் சுகுமாரன் ட்ராக்டர் மேல் உட்கார்ந்து சிரித்தான். அதற்குப் பிறகுதான் பையன் போனை அவள் கையில் விட்டு, அட்டையையும் நீட்டினான்.

பிரேமலா அட்டையை இரண்டு முறை படித்தாள். இந்த இடத்தில்தான் அவள் தப்பு செய்தாள். எங்கள் லயத்தில் நன்றியை வாயால் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. சொன்னால் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டது போல இருக்கும். கூப்பிட்டுச் சோறு போடுவார்கள், இரண்டாம் முறை சோறு வைக்கும்போது எதிராளிக்குப் புரிந்துவிடும். அதனால் அவள், “ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் போவணும் தம்பி, வராம இருக்கக்கூடாது” என்று மலாயில் சொன்னாள். அவன் சிரித்து, “போலே லா, காக்கா” என்று, வருகிறேன் என்பதாகத் தலையாட்டினான். அட்டையின் மீதித் துண்டில் தன் எண்ணை எழுதிக் கொடுத்தாள். அவன் எண்ணைக் கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவனிடம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. நாலு மணி வரை வாசலில் நின்ற பிரேமலா, சாப்பாட்டைத் தூக்கில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவன் பேச்சில் சொல்லியிருந்த கம்போங் ராஜா தோட்டத்தில் ஆட்கள் கொட்டகை காலி. முதல் நாளே முதலாளி ஆட்களை லோரியில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார், கிளந்தான் பக்கம் என்றார் ஒருவர், ஊருக்கே போய்விட்டார்கள் என்றார் இன்னொருவர். பெயர் தெரியாதவனை யாரிடம் விசாரிப்பது? விரல் நுனி இல்லாத பையன் என்றாள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் நாலு பேர் தங்கள் கைகளை நீட்டிக் காட்டினார்கள், நாலிலும் ஏதோ ஒரு விரலில் குறை இருந்தது. தூக்கோடு திரும்பி வந்தாள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கழுவலாம் என்று தொட்டாள், கை சுட்டது.

சுகுமாரன் பிழைத்தான். மூன்று மாதத்தில் நடந்தான், எட்டு மாதத்தில் ட்ராக்டர் ஏறினான். பசி தாங்காமல் ஒருநாள் அந்தக் குழம்பில் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டான். உப்பே தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் குழம்பு பழைய அளவில் இருந்தது. வடிவம்மாளும் ருசி பார்த்து, “நமக்கு வச்ச சாப்பாடு இல்ல லா இது” என்று மூடிவிட்டாள். பிரேமலா முகநூலில் தூக்கின் படத்தைப் போட்டுத் தேடினாள். நான்தான் அவன் என்று பதினொரு பேர் வந்தார்கள். அன்றைக்கு நான் போனை எப்படித் திறந்தேன் என்று கேட்டாள். பதினொரு பேரும் விரலை வைத்து என்றார்கள். வந்தவர்களுக்கு வேறு குழம்பு வைத்துப் போட்டு அனுப்பினாள்.

போன வருடம் ஒரு மதியம் நீளமான வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றது. வெளிநாட்டில் அவள் எண்ணை வைத்திருக்கக்கூடியவன் அட்டை வாங்கிய அவன் ஒருவன்தான். திரும்ப அடித்தாள். நீங்கள் அழைத்த எண் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண்ணின் பதிவுக்குரல் சொன்னது. அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கிறாள். சொல்லாமல் விட்டதை அந்தக் குரலிடம் சொல்கிறாள். மலாயில் ஆரம்பிப்பாள், பாதியில் தமிழுக்கு வந்துவிடுவாள். “பயந்துகிட்டேதான் எடுத்த, ஆனா எடுத்தியே தம்பி. சார்ஜு போட்ட. வட்டம் போட்டுக் காட்டுன. அந்த மாத்திரைய நிறுத்தலன்னா திருப்பி அனுப்பிருப்பாங்களாம், டாக்டரே சொன்னாரு. இப்ப அவரு மேட்டுல ட்ராக்டர் ஓட்டுறாரு. சத்தம் கேக்குதா? நன்றிப்பா. ஒன் பேரக் கூட கேக்கல நான்.” முதலில் அரை நிமிடத்தில் துண்டித்துக்கொண்டிருந்தது அந்தக் குரல். இப்போதெல்லாம் அவள் முடிக்கும் வரை பேசாமல் இருக்கிறது. சில வாரம் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்கும். பிறகு மெதுவாக, எண் தொடர்பில் இல்லை என்கிறது. “ஒன்மேல என்ன தப்பு, அடுத்த வாரம் பாப்போம் லா” என்று பிரேமலா அதற்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைக்கிறாள்.

காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகும் பெண்கள் அவள் வீட்டில் நுழைந்து தூக்கின் மேல் கை வைத்துச் சூடேற்றிக்கொண்டு போகிறார்கள். பிரேமலா தடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசலுக்கு நேரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள்.