கண்ணே தராசு

நெபுலைசருக்கும் அடங்காத இளைப்போடு திணறிய குழந்தையைப் பெரிய டாக்டர் கண்ணாலேயே நிறுத்தார். "இருபது கிலோ. மெக்னீசியம் சல்பேட் ஆயிரம் மில்லிகிராம் ஏத்துங்க சிஸ்டர். முப்பது வருஷ அனுபவம், என் கண்ணே தராசு!"

அந்தத் தராசுக்கு முத்திரை குத்தியது யாரோ என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். மருந்து கூடினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஆக்சிஜனைக் கழற்றாமல், குழந்தையைத் தூக்கிய அம்மாவை எடை மெஷினில் ஏற்றி, பிறகு அம்மாவின் எடையைக் கழித்தாள்.

"பதினாலுதான் டாக்டர். கிலோவுக்கு ஐம்பதுன்னா எழுநூறு."

"அதைத்தானே சொன்னேன்?"

இருபது நிமிடம் மருந்து மெல்ல இறங்கியது. ஐந்து நிமிடத்துக்கொருமுறை அவள் பார்த்த அழுத்தம் சரியவில்லை. குழந்தையின் இளைப்புதான் தணிந்தது.

"பாத்தீங்களாம்மா, என் கண்ணு தப்பாது!"

"ஆமா சார்," என்றாள் அம்மா. "அந்த மெஷினுக்கும் ஒரு நன்றி சொல்லிடுங்க."