கட்டைவிரல் மறைத்த தலைப்புகள்

லெஸ்லி அனுப்பிய படத்தில் மருந்துத்தாளைவிட அவனுடைய கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருந்தது. அதில் ஒரு மோதிரம் வேறு. எலைன் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

தம்போய் என்ற ஊரில் எல்லாம் வரிசை வீடு. இவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் சந்தனசாமி இருந்தார். அவர் வீட்டிலேயே தங்கியிருந்த மாப்பிள்ளைதான் இந்த லெஸ்லி. மனைவி ரீத்தா தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் உழைத்துவிட்டு வருவாள். புருஷன் வீட்டில் உட்கார்ந்து போத்தல் விற்பான். ஊதா நிற பழச்சாறு. சர்க்கரை, கொழுப்பு, மூட்டுவலி, கடன் தொல்லை எல்லாவற்றுக்கும் ஒரே போத்தல். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை என்றைக்கோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

சந்தனசாமிக்கு கௌட் என்ற மூட்டுவாதம். கால் கட்டைவிரல் வீங்கினால் போர்வை பட்டால்கூட கத்துவார். வீக்கம் வடிந்த பிறகு டாக்டர் யூரிக் அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார், தினமும் விடாமல் சாப்பிடச் சொல்லி. பெட்டியில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. உள்ளே இருந்த தாள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்க வரும். தெரியாத மருந்தை விழுங்கமாட்டேன் என்று பிடிவாதம். விழுங்காவிட்டால் கால் மறுபடி வீங்கும், கிட்னிக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கவிளைவுப் பகுதியை மட்டும் தமிழில் எழுதிக் கொடுங்க சிஸ்டர் என்று லெஸ்லி கேட்டான். எலைனுக்கு மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. ஆஸ்பத்திரி அறிவிப்பு, ஃபேக்டரி பாதுகாப்பு விதி எல்லாம் அவள் கை பட்டதுதான். காசு வேண்டாம், அங்கிளுக்காகச் செய்கிறேன் என்றாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதல் தலைப்பு தெரிந்தது: பரவலானவை, பத்துப் பேரில் ஒருவர் வரை. அதன் கீழே தோல் தடிப்பு. அதற்குப் பிறகு இடது ஓரம் முழுக்க விரல். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு தோல் கொப்பளித்து உரிதல், வாய்ப்புண், காய்ச்சல் எல்லாம் ஒரே நீளமாக, ஒரே தலைப்பின் கீழ் இருப்பதுபோல ஓடின. தோல் உரிவது பத்துப் பேரில் ஒருவருக்கா? அப்படி இருந்தால் அந்த மருந்தை எவன் எழுதிக் கொடுப்பான்? நடுவில் தலைப்புகள் இருக்கின்றன, விரல் மூடியிருக்கிறது.

விரலை எடுத்துவிட்டு வேறு படம் அனுப்பச் சொன்னாள். வந்தது. தாள் கொஞ்சம் நேராக இருந்தது. விரல் அதே இடத்தில் இருந்தது. தவறுதலாக ஒருமுறை விழும். அதே ஓரத்தில் இரண்டாம் முறையும் விழுந்தால் அது விரல் இல்லை, திட்டம்.

அவள் போன் அடித்தாள். "தலைப்பு தெரியல. அது தெரியாம நான் எழுதமாட்டேன்."

"அலமாக், என்ன சிஸ்டர், மேல இருக்குறதையே கீழயும் போடுங்களேன். எல்லாம் பக்கவிளைவுதானே, லா."

எலைனுக்கு அவனைச் செருப்பால் அடிக்கலாம்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் போத்தல் விற்க ஆள் சேர்க்கிறான் என்று ரீத்தா சொல்லியிருந்தாள். மாமனாரை நடுவில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரி மருந்து எப்படிப்பட்டது பாருங்கள் என்று தமிழில் ஒரு தாளைக் காட்டினால், போத்தல் தானாக விற்கும். அதற்கு இவள் எழுத்து வேண்டும். மானங்கெட்டவன்.

அவனோடு பேசிப் புண்ணியமில்லை என்று அவள் நேரே சந்தனசாமியிடம் போய் மருந்துப் பெட்டியைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். தாள் மாப்பிள்ளையிடம் என்றார். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுத்த ஃபார்மசிக்குப் போனாள். அதே கம்பெனி, அதே அளவு மாத்திரைதானா என்று சரிபார்த்து, அங்கிருந்த பெண்ணிடம் தாளின் பிரதி ஒன்று வாங்கி வந்தாள். மறைந்த தலைப்புகள் இரண்டு. குமட்டலும் வாந்தியும் பரவலல்லாதவை, நூறு பேரில் ஒருவர் வரை. தோல் உரிவது அரிதானவை, ஆயிரம் பேரில் ஒருவர் வரை. பொறுப்பில்லாத ஆட்கள் இந்த இரண்டையும் சேர்த்து 'அரிது' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் ஒன்றும் இல்லாததுபோல. அவள் மூன்றையும் மூன்றாகவே வைத்தாள், அடைப்புக்குள் எண்ணோடு.

ஒரு இடத்தில் மட்டும் கை தயங்கியது. 'அரிதானவை' என்பதற்கு முன்னால் 'மிக' என்று ஒரு சொல் சேர்த்தால் அங்கிள் பயமில்லாமல் சாப்பிடுவார், லெஸ்லியின் மூக்கும் உடையும். ஆனால் மிக அரிது என்றால் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. தாள் அப்படிச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் நான் அவனைவிட எதில் உசத்தி என்று தன்னையே கேட்டுக்கொண்டு, எழுதாமல் விட்டாள். தடிப்பு எதுவானாலும் மருந்தை நிறுத்தி உடனே டாக்டரைப் பார்க்கவும் என்ற வரியைத் தாளில் இருந்தபடி தடித்த எழுத்தில் போட்டாள்.

ஞாயிறு மதியம் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். போத்தல்கள் பிரமிடுபோல. லெஸ்லி டை கட்டியிருந்தான். அந்த வெயிலுக்கு டை. அவனே தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து, தோல் உரியும், பத்தில் ஒருத்தருக்கு என்று வாசிக்க ஆரம்பித்தான். எலைன் எழுந்துபோய் தன் தாளை சந்தனசாமி கையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரி வரியாகப் படித்தார். வந்திருந்தவர்கள் ஆறிப்போன மீ கோரெங் நூடுல்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அரிதுன்னா எனக்கு வராதா?" என்றார் நிமிர்ந்து.

"வராதுன்னு சொல்ல முடியாது அங்கிள். ஆயிரம் பேர் சாப்பிட்டா ஒருத்தர் வரைக்கும் வரலாம். யாருன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது."

லெஸ்லிக்கு அல்வா கிடைத்ததுபோல ஆனது. "கேட்டீங்களா மாமா, அந்த ஒருத்தர் நீங்களா இருந்தா?"

"இருந்தா எப்ப டாக்டர்கிட்ட ஓடணும்னு இதுல போட்டிருக்கு, மாப்ள. உங்க போத்தல்ல எங்க போட்டிருக்கு?"

லெஸ்லி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒரு சிரிக்கும் குடும்பம்தான் இருந்தது. பக்கவிளைவே கிடையாது மாமா என்றான். அப்படியானால் விளைவும் கிடையாது என்று சந்தனசாமி சொல்லிவிட்டு, ரீத்தாவிடம் தண்ணீர் கேட்டு அங்கேயே ஒரு மாத்திரையை விழுங்கினார். அன்றைக்கு ஒரு போத்தல்கூட விற்கவில்லை. லெஸ்லி டையைக் கழற்றி சோபாவில் எறிந்தான்.

சில வாரம் போனது. ஒரு காலையில் சந்தனசாமி தன் முழங்கையில் சிவந்த தடிப்பைப் பார்த்தார். தாளை எடுத்தார், படித்தார், மாத்திரையை நிறுத்தினார், எலைனைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக் கிளம்பினார். டாக்டர் வாய்க்குள் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், இரத்தம் எடுத்தார். இது பத்தில் ஒருவருக்கு வரும் சாதாரண தடிப்புதான், ஆனால் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று சொல்ல முடியாது, வந்தது நல்லது என்று சொல்லி வேறு மருந்துக்கு மாற்றினார்.

வீட்டுக்குத் திரும்பியதும் லெஸ்லி வாசலிலேயே நின்றான். சொன்னேன் பார்த்தீங்களா என்ற சிரிப்பு காதுவரை. அவன் மாமனாரின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை நீட்டுங்கள் மாமா, ஒரு படம் எடுத்து குரூப்பில் போடணும் என்றான், போனை ஏற்கெனவே தூக்கிவிட்டு. எலைனுக்கு வாய் துடித்தது. சந்தனசாமி அவளைப் பார்த்துப் பேசாமல் இரு என்று தலையாட்டினார். சட்டையை மெதுவாகச் சுருட்டி முழங்கையை நீட்டினார். மற்ற கையால் எலைன் எழுதிய தாளைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"எடுங்க மாப்ள. தாளும் சேர்ந்து விழணும். விரலை மட்டும் தள்ளி வைங்க."