பட்டாபிராமனின் ஓராண்டு

1987 ஜனவரி 16, வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணிக்குப் பூனாவில் மத்திய சர்க்கார் டிப்போவின் நிர்வாகப் பிரிவில் இருந்தவர்கள்:

சூப்பரின்டெண்டென்ட் பட்டாபிராமன், தன் மேஜையில்.
டைப்பிஸ்ட் சரசா, ஜன்னலோரம்.
தலைமை எழுத்தர் குல்கர்ணி, எதுவும் காதில் விழாத முகத்தோடு.
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் மில்ட்ரெட், யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றபடி.

மில்ட்ரெட்டுக்கு அறுபது வயது ஆகப்போகிறது. முப்பது வருஷம் மத்திய சர்க்காரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்குப் பென்ஷன் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். காரணம் ஒரே வரி. 1976இல் பம்பாயில் பார்த்த வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பூனா டிப்போவில் சேர்ந்தாளாம். ராஜினாமா என்றால் அதுவரை பார்த்த இருபத்தொரு வருஷமும் போச்சாம். மிச்சம் ஒன்பது வருஷம் மூன்று மாதம். பத்து வருஷம் இல்லாமல் பென்ஷன் இல்லை.

உண்மையில் அவள் அனுமதி கேட்டு, பம்பாய் ஆபீஸ் அனுமதி கொடுத்து, அதற்குப் பிறகுதான் இங்கே வந்தாள். அப்படி வந்தால் பழைய சர்வீஸ் போகாது, விதியிலேயே இருக்கிறது. ஆனால் அந்த அனுமதிக் கடிதத்தின் அசலை, சரிபார்க்க வேண்டும் என்று கேட்ட பட்டாபிராமன் கையில் கொடுத்துவிட்டாள். ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை. அந்த முட்டாள்தனத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும். மூன்று மாதம் கழித்து அவன் எழுதினான்: அப்படி ஒரு கடிதம் இந்த அலுவலகத்தில் இல்லை.

எதற்காக என்றும் அவளுக்குத் தெரியும். 1979இல் சொந்த விஷயத்துக்கு ஆபீஸ் லைனில் கும்பகோணத்துக்கு டிரங்க் கால் போட்டுக்கொண்டிருந்தான். யார் போட்டது என்று மேலதிகாரி கேட்டார். மில்ட்ரெட் ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினாள். அவனுடைய பிரமோஷன் இரண்டு வருஷம் தள்ளிப்போயிற்று. இன்னொரு தடவை கேட்டாலும் இன்னொரு தடவை காட்டுவாள்.

பென்ஷன் மறுத்ததை எதிர்த்து டிப்போவிலேயே ஒரு முறையீட்டை 1986 ஜனவரி 15 அன்று கொடுத்தாள். மே மாதமே பொறுமை போய், பூனா கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரிக்கு மேலே ஆபீஸ் வைத்திருந்த ஜம்பு வக்கீலிடம் போய் நின்றாள்.

"ஹைகோர்ட்டுல போடுங்க சார். அவன் மூஞ்சியில கரி பூசணும்."

"ஹைகோர்ட்டுக்கு இப்போ போக முடியாதும்மா. போன நவம்பர்லேருந்து மத்திய சர்க்கார் ஊழியர் கேஸெல்லாம் டிரிப்யூனல்லதான். அங்கேயும் இன்னிக்குப் போனா திருப்பி அனுப்பிடுவான். முறையீடு கொடுத்திருக்கேள் இல்லையா, அதுக்குப் பதில் வரணும், இல்லேன்னா ஆறு மாசம் ஆகணும். அப்புறம்தான் உள்ளே விடுவான்."

"ஆறு மாசம் ஆனப்புறம்?"

"அந்த ஆறு மாசம் முடியற நாள்லேருந்து ஒரு வருஷம். ஜூலை பதினஞ்சு எண்பத்தேழு. அதைத் தாண்டிட்டா, ஏன் தாமதம்னு தனியா மனு போட்டு அவா கால்ல விழணும். மன்னிச்சாலும் மன்னிப்பா, இல்லேன்னா இல்லை. நடுவுல நினைவூட்டல் கடுதாசி எழுதிண்டே இருந்தா கெடு நீளும்னு மட்டும் நினைச்சுடாதேங்கோ."

அப்படி நினைத்தவர் ஒருவர் இருந்தார். ஊருக்கு வெளியே சாங்வியில் குடியிருந்த, இதே டிப்போவின் பழைய ஸ்டோர்கீப்பர் எட்மண்ட். 1983இல் அவர் பென்ஷனையும் இதே பட்டாபிராமன்தான் நிறுத்தினான். டிரிப்யூனல் வந்தபோது, மூன்று வருஷத்துக்குள் வந்த பழைய உத்தரவுகளுக்கு எல்லாம் ஆறு மாதம் கொடுத்தார்கள். 1986 ஏப்ரல் வரைக்கும். அந்த ஆறு மாதமும் பட்டாபிராமன் அவருக்கு மாதம் ஒரு கடிதம் போட்டான்: தங்கள் விஷயம் பரிசீலனையில் உள்ளது. எட்மண்ட் அந்தக் கடிதங்களை அடுக்கி வைத்து, செப்டம்பரில் வழக்குப் போட்டார். கெடு தாண்டிவிட்டது, கடிதங்களை நம்பி உட்கார்ந்திருந்தது காரணமாகாது என்று முதல் நாளே தள்ளிவிட்டார்கள்.

மில்ட்ரெட்டுக்கும் அதே கடிதம் மாதாமாதம் வந்தது. கெடுவைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. அவளிடம் இல்லாதது அந்த அனுமதிக் கடிதம். அது இல்லாமல் டிரிப்யூனலுக்குப் போனால் வெறும் வாய்ச்சொல். பம்பாய் ஆபீஸில் பழைய ஃபைல்களை எப்போதோ எரித்துவிட்டார்கள். அது இருந்தால் பட்டாபிராமனிடம்தான் இருக்கும்.

டிசம்பரில் பஸ் நிறுத்தத்தில் பார்த்த சரசா ஒரு விஷயம் சொன்னாள். "காலண்டர்ல ஜனவரி பதினஞ்சைச் சிவப்பு மசியால வட்டம் போட்டு வெச்சிருக்கார் மில்ட்ரெட் ஆன்ட்டி. உங்க கேஸ் அன்னிக்கோட செத்துதுன்னு குல்கர்ணிகிட்ட சொல்றார்."

மில்ட்ரெட் அன்று நடந்தே வீட்டுக்குப் போனாள். பாவி, ஒரு வருஷம் என்று கேள்விப்பட்டிருக்கிறான். ஆறு மாதத்தைக் கேள்விப்படவில்லை.

அதனால்தான் ஜனவரி பதினாறாம் தேதி வந்து நின்றாள்.

"வாங்கோ, வாங்கோ," என்றான் பட்டாபிராமன். "என்ன விசேஷம்?"

"என் பெட்டிஷனுக்குப் பதில் வரலை சார். ஒரு வருஷம் ஆச்சு."

"ஒரு வருஷம், ஒரு நாள்." அவன் காலண்டரைத் திரும்பிப் பார்த்தான். "நேத்தே வந்திருந்தா கோர்ட்டுக்குப் போகலாம்னு சொல்லியிருப்பேன். இனிமே எங்கே போனாலும் வாசல்லயே நிறுத்திடுவா."

"அப்போ பென்ஷன் அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். டெலிபோன் ரெஜிஸ்டரை ஒழுங்கா வெச்சுண்டேள். சொந்தக் காகிதத்தை ஒழுங்கா வெச்சுக்கலை."

குல்கர்ணி தும்முவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மில்ட்ரெட் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். அழுகை வரவில்லை, அவன் வந்ததாக நினைத்துக்கொள்ளட்டும்.

"அந்த லெட்டர் உண்மையிலேயே தொலைஞ்சு போச்சா சார்? அதையாவது சொல்லுங்க. எனக்குத் தூக்கம் வரலை."

பட்டாபிராமன் நாற்காலியை விட்டு எழுந்தான். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டி, அவளுக்குத் தெரியும்படி பிடித்தான். அவளுடைய கடிதம். பம்பாய் முத்திரை. மூலையில் முப்பத்தெட்டு என்று எண்.

"எங்கேயும் போகலை. ஆனா இருந்து என்ன பிரயோஜனம்?"

மில்ட்ரெட்டுக்கு எட்டிப் பிடுங்கலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் பிடுங்கிய காகிதம் அவளுக்கு வேண்டாம். அவனுடைய அலுவலகமே எழுதித் தந்த காகிதம் வேண்டும்.

"வாயால சொல்றீங்க. எழுதச் சொன்னா மாட்டீங்க," என்றாள். "உங்களுக்கு டிராஃப்ட் எழுத வராதுன்னு அப்பவே சொன்னாங்க. டிரங்க் கால் விவகாரத்துல நீங்க எழுதின விளக்கத்தைப் படிச்சுட்டு ஆபீசர் சிரிச்சாராமே? ஆப்பரேட்டர் ரூம் வரைக்கும் கேட்டுது."

சரசாவின் விரல்கள் டைப்ரைட்டரின் மேல் நின்றுவிட்டன. பட்டாபிராமனின் காது மடல் சிவந்தது. கணக்கு தப்பினாலும் அவனுக்குப் பரவாயில்லை. டிராஃப்டைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

"சரசா, பேப்பரை மாட்டு. இந்தம்மாவுக்குக் காரணமெல்லாம் விளக்கி எழுதின ஒரு ஸ்பீக்கிங் ஆர்டர் வேணுமாம்."

இங்கிலீஷில் ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லிக்கொண்டே போனான். முறையீடு நிராகரிக்கப்படுகிறது. 1976 மார்ச் 4 தேதியிட்ட அனுமதிக் கடிதம் ஃபைலின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் உள்ளது, கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. ஆயினும் அது ராஜினாமாவின் தன்மையை மாற்றாது. ஒவ்வொரு காற்புள்ளியையும் வாயால் சொன்னான். அவன் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடும் நிர்வாக அதிகாரி மதியம் கையெழுத்துப் போட்டார். நாலு மணிக்கு மில்ட்ரெட் நகலில் கையொப்பமிட்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"படிச்சுப் பாருங்கோ. தப்பு இருந்தா சொல்லுங்கோ," என்றான்.

"நல்லாதான் இருக்கு சார்."

ஜம்பு அதை மூன்று தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாவது தடவையும் படித்தார்.

"எண்பத்தஞ்சுல இல்லேன்னான். இப்போ முப்பத்தெட்டாம் பக்கம்கறான். இந்த நிராகரிப்புலேருந்து புதுசா ஒரு வருஷம் கிடைக்கும்னு வாதாடலாம். ஆனா அதை நம்பி உட்கார வேண்டாம். பழைய கெடுவுக்குள்ளேயே போட்டுடுவோம்."

பிப்ரவரியிலேயே மனு நியூ பாம்பேயில் இருந்த டிரிப்யூனலுக்குப் போய்ச் சேர்ந்தது. டிப்போ கொடுத்த பதில் மனுவின் முதல் பத்தியே பட்டாபிராமனின் கணக்குத்தான்: ஓராண்டு முடிந்துவிட்டது, வழக்கு காலம் கடந்தது. 1988 நவம்பரில் விசாரணைக்கு வந்தபோது உறுப்பினர் ஒருவர் சர்க்கார் வக்கீலைப் பார்த்து, "அந்தப் பிரிவை அடுத்த வரியும் சேர்த்துப் படியுங்கள்," என்றார். வக்கீல் படித்தார். படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டார். அனுமதியோடு செய்த ராஜினாமாவால் பழைய சர்வீஸ் அழியாது, மூன்று மாதத்துக்குள் பென்ஷனை நிர்ணயித்துக் கொடு என்று உத்தரவாயிற்று.

வேறு யாராவது இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். மில்ட்ரெட் அன்று சாயங்காலமே ஜம்புவிடம் கேட்டாள். "அவன் எப்போ ரிட்டயர் ஆறான் தெரியுமா? வர்ற ஏப்ரல் முப்பது. அதுக்கப்புறம் அவன்மேல நடவடிக்கை எடுக்க முடியுமா?"

ஜம்பு அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ரிட்டயர் ஆனப்புறம்னா ஜனாதிபதி அனுமதி வேணும். நாலு வருஷத்துக்கு முந்தின சமாசாரம்னா தொடவே முடியாது. வேலையில இருக்கும்போதே சார்ஜ்ஷீட் கொடுத்துட்டா இந்தத் தொல்லை ஒண்ணும் இல்லை. உங்களுக்குத்தான் பென்ஷன் வந்துடுத்தே."

"எட்மண்டுக்கு வரலையே."

1985இல் எழுதிய கடிதம், 1987இல் எழுதிய கடிதம், தீர்ப்பின் நகல். மூன்றையும் வைத்து டெல்லித் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை விடாமல் நினைவூட்டல் போட்டாள். ஏப்ரல் பத்தாம் தேதி பட்டாபிராமன் மேஜைக்குச் சார்ஜ்ஷீட் வந்தது. ஆவணத்தை மறைத்து, பொய்த் தகவல் எழுதியது. சரசா போனில் சொன்னபோது மில்ட்ரெட் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு உலை வைத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

ஜூன் மாதம் ஒரு மழைநாளில் அவன் அவள் வீட்டுக்கே வந்தான். குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தான். மில்ட்ரெட் நாற்காலியைக் காட்டினாள்.

"விசாரணை முடியறவரைக்கும் புரொவிஷனல் பென்ஷன்தான் தரா. கிராச்சுட்டியை நிறுத்திட்டா. பென்ஷன்ல ஒரு பங்கை மொத்தமா வாங்கிக்கற கம்யூடேஷனும் கிடையாது," என்றான். "லெட்டர் ஃபைல்ல தப்பா சொருகிப் போயிருந்ததுன்னு, எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லைன்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா…"

"அப்படி இல்லையே."

"மில்ட்ரெட், நமக்குள்ள என்ன இருக்கு? ஒரே பாஷை பேசறவா."

"எட்மண்டும் தமிழ்தானே பேசினார்?"

அவன் குடையை இன்னொரு கைக்கு மாற்றினான். "சார்ஜ்ஷீட்டை எதிர்த்து டிரிப்யூனலுக்குப் போலாமா? உங்களுக்குத்தான் இப்போ எல்லாம் தெரியுமே."

"போனா திருப்பி அனுப்புவாங்க. விசாரணை முடிஞ்சு உத்தரவு வரணும். அதுக்கு முன்னாடி போனா இன்னும் நேரம் ஆகலைன்னு சொல்லிடுவாங்க."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"அதுக்கு யாரும் கெடு வைக்கலை. ரெண்டு வருஷம் ஆகலாம், அஞ்சு வருஷம் ஆகலாம். ஆபீஸ்லேருந்து மாசாமாசம் லெட்டர் வரும். பத்திரமா வெச்சுக்குங்க."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் எழுந்து நின்றாள். அவனும் எழுந்தான். படியில் இறங்கி, குடையை விரிக்க முடியாமல் தடுமாறினான். அவன் குடையை விரிக்கும்வரை மில்ட்ரெட் காத்திருக்கவில்லை. கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, சாவியையும் இரண்டு தடவை திருகினாள்.