பட்டாளத்துக்கு ஒரு சாக்குப் பாதை

கோடை நெல் அறுக்கிற காலத்தில் திருவையாற்றுப் பக்கத்துச் சாலைகள் பாதி வண்டிக்கு, பாதி நெல்லுக்கு. சட்டத்தில் அப்படி எங்கும் எழுதியிருக்காது. ஆனால் ஈரம் கூடுதலாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெயிலில் கொதிக்கிற தார்ச்சாலையை விட நல்ல களம் எங்கே கிடைக்கும்?

நடராசனும் அவருடைய மருமகள் செம்மொழியும் வீட்டுக்கு எதிரே சாலையின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பியிருந்தார்கள். காவலுக்குப் பட்டாளம் என்ற நாய். செம்மொழி தன் அம்மா வீட்டிலிருந்து கூடையில் கொண்டுவந்த குட்டி அது. அதன் குரைப்பைக் கேட்டுவிட்டு அந்தப் பெயரை வைத்தவரே நடராசன்தான். இந்த வருடம் ஆடு தொல்லை அதிகம் என்று அவரே தாரோரம் ஒரு முளை அடித்து, நெல்லை ஒட்டிச் சங்கிலியில் கட்டிப்போட்டார்.

கட்டிய மறுநாளே பட்டாளத்தின் பெயர் கெட்டது. நண்பகலில் ஆடுகள் வாய்க்கால் கரையிலிருந்து இறங்கி நெல்லை மேய்ந்துகொண்டிருக்க, நாய் நெல்லின் மேலேயே ஏறி, பள்ளம் பறித்துப் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருந்தது. எழுந்து ஒரு குரைகூடக் குரைக்கவில்லை.

"வேலியே பயிரை மேயுது பாத்தியாம்மா," என்றார் நடராசன். "மெத்தை போட்டுப் படுக்குற நாய் நமக்கு எதுக்கு? கும்பகோணத்துல செங்கல் சூளைக்காரர் ஒரு நாய் கேட்டுக்கிட்டே இருக்காரு. வர்ற வெள்ளிக்கிழமை ஏத்தி விட்டுடுறேன்."

"அதுக்கு என்னமோ முடியல மாமா. நேத்துலேர்ந்து நடையே சரியில்ல."

"திமிரு. நானும்தான் காலையிலேர்ந்து வெறுங்காலோட நிக்கிறேன். எனக்கு என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லைதான். நெல்லைக் காலால் கிளறிக் கிளறி, சேற்றிலும் வரப்பிலும் தாரிலும் செருப்பில்லாமல் திரிந்து, அவருடைய உள்ளங்கால் மாட்டுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. செம்மொழியின் காலும் அதற்கு அதிகம் குறைந்ததில்லை. ஊரில் எல்லாரும் தார் சுடுகிறதா என்று தங்கள் காலைக் கேட்டார்கள். அந்தக் கால்களோ எப்போதோ பேச்சை நிறுத்தியிருந்தன.

நாயைச் சூளைக்கு அனுப்பச் செம்மொழிக்கு மனம் வரவில்லை. கணவன் மதிவாணன் கனடாவுக்குப் போனபின் அந்த வீட்டில் அவள் பின்னாலேயே சுற்றி வந்த ஒரே ஜீவன் அதுதான். நிழலுக்காவது மாற்றிக் கட்டலாம் என்று சங்கிலியை அவிழ்க்கக் குனிந்தாள். முளை வெடுக்கென்று வந்துவிட, நிலை தடுமாறியதில் சங்கிலியைப் பிடித்திருந்த கையின் புறம் தாரில் அழுந்தியது.

தோசைக்கல்லில் வைத்தது போல் சுரீரென்றது. கையை உதறிக்கொண்டாள். கீழே பார்த்தாள். அதே தாரில் அவளுடைய பாதம் சுகமாக நின்றுகொண்டிருந்தது.

நாயின் முன்னங்காலைப் பிடித்துத் திருப்பினாள். பாதத்தின் மெத்தை இயல்பை விடக் கறுத்து, ஓரிடத்தில் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு கொப்புளம். நெல்லைத் தோண்டி அடியில் இருந்த குளிர்ச்சியை அது தேடியிருக்கிறது. அதைத்தான் மாமா மெத்தை போட்டுப் படுக்கிறது என்றார்.

"அடப் பாவமே, நான் ஒரு மூதேவி," என்று தன்னையே திட்டிக்கொண்டு நாயைத் தூக்கிப்போய்க் குழாயடியில் உட்கார்ந்தாள். குளிர்ந்த தண்ணீரை மெதுவாகக் காலில் விழவிட்டாள். நடராசன் மஞ்சளையும் நல்லெண்ணெயையும் குழைத்துக்கொண்டு வந்தார். கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவர் ஆஷிகாவுக்குப் போன் செய்தாள்.

"தண்ணியை நிறுத்தாதீங்க, ஐஸ் வேணாம்," என்றார் ஆஷிகா. "மஞ்சள், பேஸ்ட், எண்ணெய் எதுவும் தடவாதீங்க. கொப்புளத்தை உடைச்சிடாதீங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

நடராசன் முணுமுணுத்துக்கொண்டேதான் மொபெட்டை எடுத்தார். பின்னால் செம்மொழி, அவள் மடியில் பட்டாளம். மருத்துவர் புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு வளையம் மாட்டினார்.

"ஆறுற வரைக்கும் கட்டு நனையக் கூடாது. அப்புறம் வெயில் நேரத்துல தார், சிமெண்டு, காஞ்ச ஆத்து மணல் எதுலயும் விடாதீங்க. மண்ணு, புல்லு, நிழல்தான். சந்தேகமா இருந்தா புறங்கையை வச்சு ஏழு எண்ணுங்க. உங்களால வைக்க முடியலன்னா அதால நிக்க முடியாது."

அன்று மாலை வீடியோ அழைப்பில் விஷயத்தைக் கேட்ட மதிவாணன் தலையில் அடித்துக்கொண்டான். "போன குளிர்ல நான் அனுப்பின போட்டோ ஞாபகம் இருக்கா? இங்க பனி உருகறதுக்கு ரோட்டுல உப்பு போடுவாங்க. அது நாய் விரலிடுக்குல புகுந்து புண்ணாக்கிடும்னுதான் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரரோட நாய்க்குச் செருப்பு மாட்டி விட்டேன். திரும்பி வந்ததும் வெதுவெதுப்பான தண்ணியில கால் கழுவணும். நீங்கல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சீங்க."

"இப்பவும் சிரிப்புதான் வருது," என்றார் நடராசன். பிறகு மருமகளிடம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை அனுப்பல. ஆனா அடுத்த வயல் நெல்லு காயும்போது இது காவல் காக்கணும். காக்கலன்னா சூளைதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

புண் ஆறி, மருத்துவரும் பார்த்துச் சரி என்று சொன்னபின்தான் அடுத்த வயல் அறுவடையானது. செம்மொழி காவல் முறையையே மாற்றினாள். சாலையில் நெல்லுக்கு எதிர்ப்புறம் புங்க மரத்தடி மண்ணில் நாய்க்கு இடம், பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி. சங்கிலியை வீட்டுக்குள் போட்டுவிட்டாள். மரத்தடியிலிருந்து நெல் முடிகிற இடம் வழியாக வாய்க்கால் கரை வரை, சாலைக்குக் குறுக்கே சணல் சாக்குகளை இரண்டாக மடித்து வரிசையாக விரித்துத் தண்ணீர் தெளித்தாள். காலை வெயில் ஏறுமுன் பட்டாளத்தை அந்தப் பாதையில் நடத்தி நடத்திப் பழக்கினாள். விலகித் தாரில் இறங்கினால் கூப்பிட்டாள், சாக்கில் வந்தால் கருவாட்டுத் துண்டு. வேலைக்கு அதை விட நல்ல கூலி எந்த நாய்க்கும் கிடையாது.

"மகாராசாவுக்குக் கம்பளம் விரிக்கிறா," என்று தெருவே கேலி செய்தது. எதிர்வீட்டுப் புகழேந்தி, "கனடாக்காரன் பொண்டாட்டின்னா சும்மாவா," என்றான். செம்மொழி காதில் வாங்காமல் சாக்கை நனைத்தாள்.

உச்சிவெயில். நடராசன் வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் கரையில் ஆடுகள் தலை நீட்டின. முன்னே வந்த கிடா நெல்லில் வாய் வைக்கப் போனது. செம்மொழி எழவில்லை, மரத்தடியைப் பார்த்தாள்.

மரத்தடியிலிருந்து பட்டாளம் பாய்ந்தது. ஒரு சாக்கு, அடுத்த சாக்கு, அடுத்த சாக்கு. ஒரு நகம்கூடத் தாரில் படவில்லை. கரை மண்ணில் ஏறியதும் அது போட்ட குரைப்பில் கிடா வாய்க்காலைத் தாண்டிக் குதித்தது. மற்ற ஆடுகள் வந்த வழியே ஓடின. கடைசி ஆடு மறையும் வரை நின்று குரைத்துவிட்டு, பட்டாளம் அதே சாக்குப் பாதையில் நிதானமாகத் திரும்பி வந்து நிழலில் படுத்தது.

"அப்படிப் போடு," என்று நடராசன் தட்டோடு எழுந்துவிட்டார். செம்மொழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஓடிப்போய் நாயின் கால்களைத் திருப்பிப் பார்த்தாள். நான்கும் பழுதில்லாமல் இருந்தன.

அவள் நிமிர்ந்தபோது நடராசன் சாலையோரம் குந்தியிருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் புறங்கையைத் தாரில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்து வேட்டியில் தேய்த்துக்கொண்டார். பிறகு போனை எடுத்துச் சூளைக்காரரைக் கூப்பிட்டார்.

"நாயாங்க? இல்லைங்க, அது குடுக்கறதுக்கு இல்ல. எங்க வீட்டு ஆளுங்க."

மறுநாள் புகழேந்தியும் நெல் பரப்பினான். தன் நாயை நெல்லோரம் தாரிலேயே கட்டினான். உச்சிவெயிலில் நடராசன் விடுவிடுவென்று அங்கே போனார்.

"நாயை அவுத்து மண்ணுல கட்டுடா."

"ஏங்க, நான் வெறுங்காலோடதானே நிக்கிறேன்? எனக்குச் சுடலையே."

"உன் காலைக் கேக்காதே. அது செத்துப் போயி நாளாச்சு. குனி. புறங்கையை வை."

சிரித்துக்கொண்டே புகழேந்தி குனிந்து கையை வைத்தான். நடராசன் உரக்க எண்ணத் தொடங்கினார். மூன்று வருவதற்குள் புகழேந்தி கையை உதறிக்கொண்டு சங்கிலியை அவிழ்க்க ஓடினான்.

"செம்மொழி," என்று நடராசன் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார், "நம்மகிட்ட இன்னும் சாக்கு இருக்காம்மா?"