முதலாளி இங்கே சிரிக்கவும்

சுப்புராஜ் முதலாளிக்கு வெற்றிடம் என்றாலே ஆகாது. ராஜபாளையத்தில் அவருடைய பேண்டேஜ் துணி ஃபேக்டரிக்குள் நுழைந்து பார்த்தால் தெரியும், சுவரில் ஒரு சாண் இடம் சும்மா கிடந்தால் அங்கே ஒரு காலண்டர் தொங்கும். மகள் கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் நெருக்கி அடித்துவிட்டு, மாப்பிள்ளை பெயருக்கு இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கச் சொன்ன மனுஷன். அப்பேர்ப்பட்டவருக்கு ஸ்லைடு செய்து கொடுக்கிற வேலை பரிபூரணத்தின் தலையில் விழுந்தது என்றால், அவள் என்ன பாவம் செய்தாளோ.

பரிபூரணம் அந்த ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்தவள். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறி ஏறி, பேசினால் பாதி வார்த்தைக்கு இருமல் வரும். சாயங்காலம் சாயங்காலமாக டைப்பிங் படித்து, பிறகு கம்ப்யூட்டரும் படித்து, ஆபீஸில் கண்ணாடி போட்ட அறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோதுதான் இருமல் நின்றது. அந்த நாற்காலி அவளுக்கு நாற்காலி மட்டும் இல்லை, மூச்சு.

அதற்கும் இப்போது ஆபத்து. தென் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்குச் சேர்த்துக் கொள்முதல் செய்கிற கமிட்டி ஒன்று, வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடும். துணி தயாரிக்கிறவர்கள் ஆளாளுக்கு எழுந்து தங்கள் சரக்கைப் பற்றிப் பேச வேண்டும். போன வருஷம் முதலாளி சொன்னதையெல்லாம் பரிபூரணம் ஸ்லைடில் அப்படியே ஏற்றிக் கொடுத்தாள். எள் போட இடமில்லை. முதலாளி ஸ்லைடு விழுந்த சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். கமிட்டி பார்த்தது அவர் முதுகை மட்டும்தான். முன்வரிசையில் ஒருத்தர் குறட்டையே விட்டுவிட்டார். ஆர்டர் வேறு யாருக்கோ போனது.

பழி யார் மேல் விழும்? பரிபூரணம் மேல்தான். எழுத்து சின்னதாகிப் போச்சாம். இந்த வருஷமும் ஆர்டர் கிடைக்கவில்லை என்றால் கம்ப்யூட்டர் வேலை மொத்தத்தையும் தன் அக்காள் மகன் சோலைராஜிடம் கொடுத்துவிடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். சோலைராஜ் புதுசாகக் கம்ப்யூட்டர் சென்டர் திறந்து, வருகிறவன் போகிறவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பரிபூரணம் திரும்பவும் பேக்கிங்குக்குப் போக வேண்டியதுதான்.

அவள் பயந்தாள். பயந்ததோடு கோபமும் வந்தது. கோபம் வந்தால் அவள் கை சும்மா இருக்காது. பழைய ஸ்லைடுகளைத் திறந்து ஒவ்வொன்றிலிருந்தும் பத்தி பத்தியாக வெட்டி எடுத்தாள். துணியை எப்படி வெளுக்கிறோம், எந்தத் தண்ணீர், எத்தனை தொட்டி, தொட்டியை வாங்கின கதை என்று ஒரு பக்கம் நிறைய இருந்த இடத்தில் "வெளுத்த பின் மூன்று அலசல்" என்று மட்டும் பெரிய எழுத்தில் விட்டாள். அடுத்ததில் ஒரு படமும் ஒரு வரியும். தூரத்தில் போய் நின்று பார்த்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்த கிழவருக்கும் தெரியும்.

முதலாளி பார்த்தார். முகம் கறுத்தது.

"ஏட்டி, முக்காவாசி வெள்ளையால்ல கெடக்கு? தொட்டியெல்லாம் எங்க?"

"எதையும் அழிக்கல முதலாளி. மேல இருந்ததைக் கீழ எறக்கி வச்சிருக்கேன். சுவரு கொஞ்சமாச் சொல்லட்டும், மிச்சத்தை நீங்க சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா யாரைக் கேக்கதுன்னு அவியளுக்குத் தெரியாது."

நோட்ஸ் பேஜ் என்கிற இடத்தைத் திறந்து காட்டினாள். பக்கத்தின் மேல் பாதியில் ஸ்லைடு சின்னதாக நிற்கும். கீழ்ப் பாதியில் பேசுகிறவருக்கு மட்டும் வேண்டியதை எழுதிக்கொள்ளலாம், அது சுவரில் வராது. வெட்டிய பத்திகளை அங்கே ஒட்டி, ஆபீஸ் தமிழை மாற்றி, முதலாளி வாயில் வருகிற மாதிரியே எழுதியிருந்தாள். நாலு பேர் முன்னால் அவர் கண்ணாடி போட மாட்டார் என்பதால் எழுத்தையும் பெரிதாக்கியிருந்தாள். தொட்டிகள் பத்திரமாக இருப்பதைப் பார்த்து முதலாளி சமாதானமானார். நடுநடுவே அடைப்புக்குறிக்குள் அவள் எழுதியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. "இங்கே தண்ணீர் குடிக்கவும்." "சுவரைப் பார்க்கக் கூடாது." "முதலாளி இங்கே சிரிக்கவும்."

இரண்டு கட்டாக அச்சடித்தாள். ஸ்லைடு மட்டும் இருந்த கட்டை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துக் கண்ணாடித் தாளில் எடுக்க வேண்டும். அதை ஓ.எச்.பி. மெஷினின் கண்ணாடி மேல் வைத்தால், அடியில் எரிகிற விளக்கு அதை ஊடுருவி மேலே லென்ஸ் வழியாகச் சுவரில் படமாகப் போடும். நோட்ஸ் இருந்த கட்டு முதலாளி கையில் வைத்துக்கொள்ள. இதை முதலாளியிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினாள்.

பக்கீர் முகமதுவின் ஜெராக்ஸ் கடையில் முதலாளி இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடித் தாள் ஒன்றுக்கு என்ன விலை என்று கேட்டார். எழுத்து கூடினால் விலை கூடுமா என்றும் கேட்டார். கூடாது என்று பக்கீர் முகமது சொன்னதுதான் வினையாகிப் போனது. ஒரே விலைக்கு ஒரு கட்டில் தாளுக்கு ஒற்றை வரி, இன்னொரு கட்டில் ஸ்லைடும் இருக்கிறது, கீழே பக்கம் நிறைய விஷயமும் இருக்கிறது. எந்தப் புத்திசாலி ஒற்றை வரியை எடுப்பான்? நோட்ஸ் கட்டைக் கண்ணாடித் தாளில் எடுத்துக்கொண்டு, காகிதக் கட்டு இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு, பெரிய லாபம் பார்த்தவராக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பரிபூரணம் சாம்பிள் பையோடு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தாள். முதலாளி சோலைராஜோடு காரில் வந்து இறங்கினார். ஹாலில் கமிட்டிக்காரர்கள் பால்கோவா தின்று கிறங்கிப் போய் இருந்தார்கள். நடுவில் கமிட்டித் தலைவி, கண்டிப்பான ஒரு டாக்டரம்மா. சோலைராஜ் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். தாள் மாற்ற பரிபூரணம் மெஷின் பக்கத்தில் நின்றாள். அவர்கள் முறை வந்தது. கவரைப் பிரித்து முதல் தாளை வைத்து விளக்கைப் போட்டாள்.

சுவரில் உச்சியில் ஒரு குட்டி ஸ்லைடு. அதற்குக் கீழே எறும்புக் கூட்டம் போல நெருக்கமாக எழுத்து. டாக்டரம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தமாகவே வாசித்தார்: "முதலாளி இங்கே சிரிக்கவும்."

ஹாலே சிரித்தது, முதலாளி ஒருத்தரைத் தவிர. பரிபூரணம் விளக்கை அணைத்தாள். மெல்லிய குரலில் அந்த இன்னொரு கட்டு எங்கே என்று கேட்டாள். பக்கீர் கடையில் என்றார் முதலாளி. அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனை அப்படி ஒரு கோலத்தில் அவள் பார்த்ததே இல்லை. திட்ட நினைத்ததை விட்டுவிட்டு மெஷின் பக்கம் திரும்பினாள்.

தாள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையிடையே வெள்ளைக் காகிதம் வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை உருவிக் கண்ணாடித் தாளின் கீழ்ப் பாதியை மூடினாள். விளக்கைப் போட்டாள். சுவரில் நோட்ஸ் மறைந்து ஸ்லைடு மட்டும் நின்றது. ஆனால் முதலாளி காதுக்குள் வந்து, எனக்கும் ஒண்ணும் தெரியலையே தாயி என்றார். காகிதம் அவருக்கும் சேர்த்துத்தான் மறைத்தது.

ஒரு நொடி யோசித்தாள். காகிதத்தை எடுத்துக் கண்ணாடித் தாளுக்கு அடியில் சொருகினாள். இப்போது விளக்கு வெளிச்சம் காகிதத்தில் முட்டி நின்றுவிட்டது, சுவருக்கு ஒன்றும் போகவில்லை. மேலிருந்து பார்க்கிற முதலாளிக்கோ, வெள்ளைக் காகிதத்தின் மேல் கறுப்பு எழுத்து புத்தகம் மாதிரி பளிச்சென்று தெரிந்தது. மெஷினைப் பின்னால் தள்ளி லென்ஸைத் திருகினாள். குட்டி ஸ்லைடு சுவர் நிறைய வளர்ந்தது. "வாங்க, உக்காந்து பேசுவோம்" என்று ஒரே வரி.

முதலாளி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், வேண்டுமென்றே பெரிதாகச் சிரித்தார். எழுதியதற்குக் கீழ்ப்படிந்தேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லவும் செய்தார். கமிட்டி மறுபடி சிரித்தது, இந்தத் தடவை அவரோடு சேர்ந்து.

அதற்குப் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை. எதற்குத் திரும்ப வேண்டும், வேண்டியதெல்லாம் கைக்கு அடியில் இருக்கும்போது? சுவர் "மூன்று அலசல்" என்றது. இவர் மூன்றாவது அலசலை ஏன் விட முடியாது, விட்டால் புண்ணுக்கு என்ன ஆகும் என்று, கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற மாதிரி சொன்னார். தொட்டி வாங்கின கதைக்கு வந்தபோது நோட்ஸில் "இதைச் சுருக்கமாக" என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுருக்கினார். ஒரு ஸ்லைடில் தண்ணீர் டம்ளர் படம் மட்டும் இருந்தது. நோட்ஸ் சொன்னபடி அவர் நிஜமான டம்ளரில் ஒரு துண்டுத் துணியைப் போட்டார். "மூழ்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது" என்று எழுதியிருந்தது. திறக்கவில்லை. துணி தண்ணீர் குடித்து மளமளவென்று அடியில் போய் உட்கார்ந்ததை ஹால் முழுக்க எட்டிப் பார்த்தது. போன வருஷம் குறட்டை விட்டவர் எழுந்தே நின்றுவிட்டார்.

கடைசித் தாள் வந்தது. சுவரில் "நன்றி" என்று ஒரு சொல். முதலாளி வழக்கம்போலக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பரிபூரணத்துக்கு அப்போதுதான் அங்கே தான் எழுதி வைத்தது நினைவுக்கு வந்து, முகம் சிவந்துவிட்டது. மெதுவாக விளக்கை அணைக்கக் கை நீட்டினாள். முதலாளி அந்தக் கையைத் தள்ளிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. பேச முடியாது என்று தெரிந்ததும், தாளுக்கு அடியிலிருந்த காகிதத்தை ஒரே இழுப்பில் உருவினார்.

சுவரில் கீழ்ப்பாதி எழுத்து வெளிச்சத்துக்கு வந்தது: "முதலாளி, இனிமேல் பேச ஒன்றும் இல்லை. ஆர்டர் கிடைக்காமல் நான் பேக்கிங்குக்குப் போனாலும் சரி. இந்த வருஷம் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். கைகூப்பிவிட்டு உட்காருங்கள்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா சுவரை வாசித்து முடித்துவிட்டுப் பரிபூரணத்தைப் பார்த்தார். இந்தப் பெண்ணை எதற்குப் பேக்கிங்குக்கு அனுப்புகிறீர்கள் என்று முதலாளியைக் கேட்டார்.

"அனுப்பல டாக்டர்" என்றார் முதலாளி. "ஆர்டர் நீங்க குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. அவ எங்கயும் போகல."

சோலைராஜ் காலைக் கீழே இறக்கினான். டாக்டரம்மா சாம்பிள் பையைத் தன் பக்கம் தள்ளச் சொல்லி, முதல் லோடு எப்போது வரும் என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டிய முதலாளி, சொன்னபடி கேட்கிற பிள்ளையாகக் கைகூப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆகவே பரிபூரணம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள், ஒரு இருமல்கூட வராமல்.