விலாவுக்குக் கீழே

மருத்துவக் கல்லூரிப் பயிற்சி அறையில் நோயாளியாகப் படுக்க அன்று ரக்ஷிதாவின் முறை. தாரிணி எடுத்த எடுப்பில் தோழியின் இடது விலாவுக்குக் கீழே கைவைத்து, மண்ணீரலின் விளிம்பைத் தேடினாள். எதுவும் தட்டுப்படவில்லை.

"நார்மல்," என்றாள்.

"எடுத்ததுமே அங்கேயா ஆரம்பிக்கிறே? வலது அடிவயித்துலேர்ந்து மேல வா," என்று கடுகடுத்தாள் உடன்படிக்கும் நீலா.

தாரிணி சலிப்போடு கையை மாற்றினாள். ரக்ஷிதா மூச்சை இழுக்க இழுக்க, விரல்கள் மெல்ல ஏறின. தொப்புளருகே கெட்டியான விளிம்பொன்று இறங்கிவந்து விரலில் முட்டியது.

தாரிணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்ல உடம்பில் கைக்கே அகப்படாத மண்ணீரல், ஏதோ நோயில் வீங்கித் தொப்புள்வரை இறங்கியிருந்தது. முதலில் விளிம்பு கிடைக்காததற்குக் காரணம், அவள் கை அதன் மேலேயே இருந்ததுதான்.

"சீக்கிரம்டி, கூசுது," என்று சிரித்தாள் ரக்ஷிதா. "நார்மல்தானே?"