பனி படியாத இடம்

அன்று காலை மொஹாபி சமையலறைச் சுவரோரம் நின்று, முன்பணம் கட்டி வாங்கிய மின்சாரச் சீட்டிலிருந்த நீண்ட எண்ணை நான்கு நான்காக வாசித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி புசெலெட்சோ நாற்காலி மேல் ஏறி மீட்டரின் பொத்தான்களை அழுத்தினாள். நடுவில் அவனுக்குக் கொட்டாவி வந்துவிட, ஓர் எண் தவறிப்போய் மீட்டர் எல்லாவற்றையும் நிராகரித்தது. "வாயை மூடிக்கிட்டுப் படி," என்றாள். வாயை மூடினால் எப்படிப் படிப்பதாம் என்று கேட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தான். யூனிட்டுகள் ஏறின. அவன் கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். மாலையில் மருத்துவமனையிலிருந்து சேதியோடு ஆட்கள் வந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் செபோகெங்கில் சாவு விழுந்தால் வீட்டு முற்றத்தில் கூடாரம் எழும்பும். எழும்பியது. ஒரு வாரம் அவள் படுக்கையறையில், தரையில் விரித்த மெத்தையில் கறுப்புப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். வெளியே சம்மட்டிச் சத்தம், பாட்டு, பெரிய பானைகளின் சத்தம் எல்லாம் கேட்டன. எதையும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் மொஹாபியின் அக்கா மட்செதிசோ மட்டும் துணைக்குத் தங்கினாள். அதன் பின்தான் மின்சாரம் வேகமாகக் கரையத் தொடங்கியது. முன்பு மாதக் கடைசிவரை தாக்குப்பிடித்தது, இப்போது பாதி மாதத்திலேயே தீர்ந்து வீடு இருண்டது. வந்த கூட்டம் செலவழித்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். மறுமாதமும் அதே கதை.

தெருவில் எல்லோரும் மீட்டரைத்தான் திட்டினார்கள். மட்செதிசோ மீட்டரைத் திட்டவில்லை. அவள் கை நீட்டியது பின்னறையை நோக்கி. அங்கே டயர் கடையில் வேலை செய்யும் தவோங்கா வாடகைக்கு இருந்தான். மலாவியிலிருந்து வந்தவன். அவனைக் கூட்டிவந்து குடிவைத்ததே மொஹாபிதான்.

"ஆம்பளை போனதும் அவனுக்குத் துளிர் விட்டுப் போச்சு. உள்ள கரண்ட் அடுப்பைப் போட்டுக்கிட்டுக் குளிர் காயறான். நீ வேணா பாரு," என்றாள் மட்செதிசோ.

அவனிடம் கேட்கப் புசெலெட்சோவுக்கு நாக்கு கூசியது. ஆனால் யாரோ சொல்லி அவன் காதுக்கு எட்டியிருந்தது. தானே வந்து, பின்னறைக்குப் போகும் சுவிட்சை அணைத்துவிடச் சொன்னான். சில நாட்கள் மெழுகுவத்தியோடு இருந்தான். யூனிட்டுகள் பழைய வேகத்திலேயே இறங்கின. அப்படியானால் திருட்டுக் கம்பி இழுத்திருக்கிறான் என்றாள் மட்செதிசோ. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்து ஆண்கள் வருவார்கள், அன்றே அவன் மூட்டையைக் கட்டட்டும் என்று அவர்களுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டாள். ஆண்கள் வந்து பேசி அனுப்பினால் அது வெறும் பேச்சோடு நிற்காது. வேற்று நாட்டான் ஒருவனைத் திருடன் என்று இந்தத் தெருவில் ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு அவனுக்கு என்ன ஆனாலும் கேட்பாரில்லை.

சனிக்கிழமை காலை புசெலெட்சோ நாற்காலியை மீட்டருக்குக் கீழே போட்டாள். மீட்டர் மாற்றித்தரும்படி நகராட்சியில் கேட்கப்போனபோது, முகப்பில் இருந்த பெண் சொல்லியனுப்பியது நினைவில் இருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் பாருங்கள், அப்புறம் வாருங்கள் என்றிருந்தாள்.

மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். மின்சாரம் ஓடும் வேகத்துக்கேற்ப மின்னிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு நின்றது. வெகுநேரம் பார்த்தும் மின்னவில்லை. ஆக மீட்டர் இல்லாததை எண்ணவில்லை. மீட்டருக்கும் சுவிட்சுப் பலகைக்கும் நடுவே யாரும் கம்பி இழுத்திருந்தால், மெயினை அணைத்த பிறகும் விளக்கு மின்னியிருக்கும்.

ஒவ்வொன்றாகப் போட்டாள். பிரிட்ஜுக்கு விளக்கு சோம்பலாக மின்னியது. பின்னறைக்கு, எண்ணி எண்ணி. கீசரைப் போட்டதும் வெறி பிடித்தாற்போல அடித்தது. கீசர் சூடாகும்போது அப்படித்தான் அடிக்கும், சூடானதும் அடங்க வேண்டும். யாரும் வெந்நீரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அடங்கியது. சற்று நேரத்தில் மறுபடி அடித்தது. அடங்கியது, அடித்தது. யாரும் வெந்நீர் எடுக்காத வீட்டில் யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சமையலறைத் தொட்டிக்கடியில் குனிந்து குழாய்களைத் தொட்டுப் பார்த்தாள். பின்னறைக்குப் பிரியும் குழாய் கை வைக்க முடியாதபடி சுட்டது. அங்கே மொஹாபி வைத்திருந்த அடைப்பானைத் திருகி மூடினாள். அதன் பிறகு கீசர் ஒருமுறை சூடாகி அடங்கியது, மதியம் வரை வாயைத் திறக்கவில்லை.

"பாத்தியா, நான் சொன்னேன்ல? குழாயத் திறந்து விட்டுட்டுக் குளிக்கிறான் மகாராசன்," என்றாள் மட்செதிசோ.

இருவரும் பின்னறைக்குப் போனார்கள். தவோங்கா துணிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். குழாய் இறுக மூடியிருந்தது, கீழே வாளி காய்ந்து கிடந்தது. வெந்நீர் எப்படி வருகிறது என்று புசெலெட்சோ கேட்டாள். அவன் தயங்கினான்.

"நூல் மாதிரிதான் வருதும்மா. அடக்கம் முடிஞ்சதுலேருந்தே அப்படித்தான்."

"ஏன் சொல்லலை?"

"எழவு வீட்டுல வந்து, எனக்கு வெந்நி வரலைன்னு கேக்கவாம்மா முடியும்?"

புசெலெட்சோ முற்றத்தைப் பார்த்தபடி நின்றாள். அன்று காலை முற்றம் முழுக்க உறைபனி உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது. வெளிக்குழாய்க்கு அருகே ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் மண் கறுப்பாக இருந்தது. குழாயடி ஈரம் என்றே தினமும் தாண்டிப் போயிருந்தாள். ஈரமென்றால் அதுதானே முதலில் உறைய வேண்டும்?

தவோங்கா மண்வெட்டியை எடுத்து வந்தான். முழங்கை ஆழம்கூடத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. மண் இளஞ்சூடாக, சேறாக வந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் குழாயின் முதுகில் சாய்வாக ஒரு கிழிசல் இருந்தது. அதற்கு நேர் மேலே, மண்ணுக்குள் வட்டமாக ஒரு துளை, இரும்பு முளை அடித்துப் பிடுங்கிய தடம்.

மட்செதிசோ குந்தி உட்கார்ந்து அந்தத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கூடாரத்து முளை," என்றாள். "என் மவன்தான் இந்தப் பக்கம் அடிச்சான்."

குழாய் எங்கே போகிறதென்று தெரிந்தவன் மொஹாபி ஒருவனே. தெருவில் யார் வீட்டில் கூடாரம் போட்டாலும் போய் நின்று, இங்கே அடி, அங்கே அடிக்காதே என்று அதிகாரம் செய்கிறவன். இந்தக் கூடாரத்துக்கு மட்டும் அவனால் வந்து நிற்க முடியவில்லை. புசெலெட்சோ சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடக்கத்தன்றுகூட வராத அழுகை சேற்றுக் குழியருகே வந்தது. மட்செதிசோ எழுந்து வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தவோங்கா முதுகைத் திருப்பிக்கொண்டு தேவையே இல்லாமல் இன்னும் கொஞ்சம் தோண்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் வந்தார்கள். மட்செதிசோ வாசலிலேயே அவர்களை மறித்து, பேச ஒன்றுமில்லை, குழி மூட ஆள் வேண்டும் என்றாள். மகனிடம் மண்வெட்டியைக் கொடுத்தாள். தவோங்காவின் பை ஆணியில் மறுபடி தொங்கியது. அவனிடம் அவள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு தட்டில் சோளக்களியும் ஆட்டிறைச்சியும் போட்டு, நின்றுகொண்டே நீட்டினாள். அவன் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

அன்றே குழாய் வேலைக்கு வந்தவர் கிழிந்த துண்டை வெட்டிவிட்டுப் புதுத்துண்டு வைத்தார். அதற்கு ஒரு சாண் தள்ளி, கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிய பழைய இணைப்பு ஒன்று இருந்தது. மொஹாபி போட்டது. அதையும் மாற்றிவிடவா என்று கேட்டபடி விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அப்படியே விட்டு மண்ணை மூடினார்கள்.

அந்த இணைப்பு இன்றுவரை ஒழுகவில்லை.